ஜன்னலில் நிரப்பிய வயல்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். படம் எடுப்பதும் கழுவுவதும் அவர் வேலை. டச்சிங், அதாவது பிலிமில் விழுந்த குறைகளைப் பென்சிலால் திருத்துவது, என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அவர்தான் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டே வருஷத்தில் அவரைவிட எனக்குக் கை நன்றாக வந்துவிட்டது. அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தெத்துப்பல் எல்லாவற்றையும் பிலிமிலேயே சரி செய்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஓர் ஆவணி மாதம் கீழ்பென்னாத்தூர் பக்கம் பெரிய விவசாயி ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம். கூடத்தில் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுப் பெண்ணையும் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து மாமா குரூப் எடுத்தார். முகங்கள் நன்றாக விழுந்திருந்தன. ஜன்னல் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. கம்பிகள்கூட வெளிச்சத்தில் பாதி கரைந்துபோயிருந்தன.

படத்தை வாங்க வந்த பெரியவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாப்பா இது, ஜன்னல்ல வெள்ளத்துணி கட்டினாப்புல இருக்குது? அந்தாண்ட என் நெலம் இல்ல இருக்குது?"

"ஐயா, உள்ள இருக்கிறவங்க முகம் தெரியணும்னா வெளிச்சம் ஜாஸ்தி உடணும். அப்ப வெளிய இருக்கிறது எரிஞ்சுபோயிடும். வெளிய இருக்கிறதுக்குப் பார்த்து எடுத்தா மூஞ்சியெல்லாம் கருப்படிச்சுடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பெருசு பண்ணி கூடத்துல மாட்டப்போறேன். சம்பந்தி வூட்டுக்கும் ஒண்ணு போவணும். நெலம் தெரியணும்."

மாமா முதலில் இருட்டறையில் முயன்று பார்த்தார். அட்டையில் ஓட்டை போட்டு, ஜன்னல் விழும் இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தார். வயல் வரவில்லை, அழுக்குச் சாம்பல் நிறம்தான் வந்தது. பிலிமில் வெளிச்சம் கருப்பாகத்தான் விழும்; அந்த இடம் கட்டிக் கருப்பாக அடைத்துப்போயிருந்தது. பிலிமில் இல்லாததைப் பேப்பரில் எங்கிருந்து கொண்டுவருவது? வெளியே இருப்பதைத் தனியாக எடுத்து இதில் சேர்க்கலாம் என்றேன் நான்.

அடுத்த வாரம், குரூப் எடுத்த அதே காலை நேரத்துக்குப் போய் இறங்கினோம். வெயில் அதே பக்கத்திலிருந்து விழ வேண்டும் அல்லவா. தரையில் பாவியிருந்த கல்லின் கோடுகளை அச்சில் பார்த்துப் பார்த்து, ஸ்டாண்டை அதே இடத்தில் அதே உயரத்தில் நிறுத்தினோம். நாற்காலிகள் இல்லை, ஆட்கள் இல்லை. ஜன்னலும் கம்பிகளும் அதற்கப்பால் கதிர் வாங்கிய நெல்லும் மட்டும். வயலின் ஓரத்தில் கிணற்று மேட்டை ஒட்டி ஒரு கூரை வீடு. அதன் முன்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தத் துணிய மட்டும் எடுக்கச் சொல்லிட்டு வா," என்றார் மாமா.

வரப்பில் நடந்து போனேன். அந்த வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. பெரியவர் நிலத்தில் புருஷனும் பெண்சாதியுமாக வேலை செய்பவர்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே வீடுதான் என்றாள். போட்டோ எடுக்கிறோம், துணியை எடுத்துவிடுங்கள் அக்கா என்றதும் மளமளவென்று வாரிச் சுருட்டினாள்.

"எங்க வூடும் அதுல விழுமாம்மா?"

"விழும் அக்கா."

பாதி வரப்பு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். தலையை வாரி முடிந்துகொண்டு, குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்து, வாசலில் நேராக நின்றுகொண்டிருந்தாள். மாமா எடுத்து முடித்துப் பெட்டியை மூடும் வரைக்கும் அவள் நகரவில்லை.

அந்தப் படத்தை ஜோடிப்பதற்கு நாலு நாள் ஆயிற்று. குரூப் பிலிமில் ஜன்னல் இடத்தை ஒளி புகாத செங்காவி மை பூசி முழுக்க அடைத்தேன். அப்போதுதான் பேப்பரில் அந்த இடம் சுத்த வெள்ளையாக மிச்சமிருக்கும். முதலில் குரூப்பை அடித்துவிட்டு, பிலிமை மாற்றி, ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்படி வெட்டிய அட்டையைப் பிடித்து, வயலை அதற்குள் அடிக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி வழியே வெளிச்சத்தை விட்டுப் பார்த்தால் பேப்பர் கெடாது. குரூப் அடிக்கும்போது பேப்பர் ஓரத்தில் குறித்துவைத்த அடையாளங்களுக்கு நேரே ஜன்னல் சட்டம் வருகிறதா என்று நிதானமாகப் பொருத்தலாம். அட்டையை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் பிடித்தால் ஓரத்தில் கோடு விழுந்து ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும்.

முதல் அச்சில் வயல் தெளிவாக வந்தது. ஆனால் கூடத்தில் காலண்டர் மாட்டியது போல இருந்தது. வெளியே உள்ளது உள்ளே உள்ளதைவிடக் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு அதுதான் பழக்கம். நேரத்தைக் கம்மி செய்து, இன்னும் கம்மி செய்து, ஆறாவது அச்சில் சரியாக வந்தது. பெண்ணின் கொண்டைப் பூ ஜன்னலில் ஏறியிருந்த இடத்தைப் பிரஷ்ஷால் ஒப்பேற்றினேன்.

ஒரே ஒரு குறை. அந்தக் கூரை வீடு சரியாகக் கல்யாணப் பெண்ணின் காதுக்குப் பக்கத்தில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"மச்சம் மாதிரி இருக்குது பாரு," என்றார் மாமா.

அதை எடுக்கச் சொல்லிப் பெரியவர் கேட்கவில்லை. மாமாவும் எடு என்று சொல்லவில்லை. வயல் பிலிமின் மேல் டச்சிங் எண்ணெயைத் தடவிக் காயவைத்து, லென்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிலிமில் எல்லாம் தலைகீழ். வீடு வெளிறிய புள்ளியாகவும் சுற்றியுள்ள நெல் கருமையாகவும் இருக்கும். வெளிறிய இடத்தைப் பென்சிலால் பொட்டுப் பொட்டாக நிரப்ப வேண்டும். வாசலில் அவள் நின்றது லென்சில் தெரிந்தது, எள்ளை நிறுத்தி வைத்தது போல. அதையும் நிரப்பினேன். ஒரு மத்தியானத்தில் வீடு நெல்லாகிவிட்டது. அழகாக இருந்தது. நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியவருக்குப் பரம திருப்தி.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கூடவே வந்த புருஷன் வாசலிலேயே நின்றான். நிலத்தில் குடியிருக்கும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டம் சொன்ன நாளில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இவர்கள் மனுக் கொடுத்ததும், அந்தக் குடிசை அதற்கப்புறம் போட்டது என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஊர்க் கணக்கிலும் அப்படி ஒரு வீடு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

"எதுனா அத்தாட்சி இருந்தா எடுத்தாரச் சொல்றாங்க. எனக்கு நெனப்பு வந்துச்சு. அன்னிக்கி நிச்சயத்துக்கு நீங்க எடுத்தீங்களே, அதுல எங்க வூடு விழுந்துச்சே. ஒரு காப்பி போட்டுக் குடும்மா."

நிச்சயதார்த்தம் சட்டம் சொன்ன நாளுக்கு இரண்டு மாதம் பிந்தி நடந்தது. அந்தப் படத்தில் வீடு இருந்தால் அவளுக்குப் பெரிய பலம். மாமா கவுண்டருக்குப் பின்னால் பில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை, பேனா மட்டும் நின்றுவிட்டது. பெரியவரின் அடுத்த மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுல விழலை அக்கா," என்றேன்.

"வாசல்லயே நின்னனேம்மா."

"தூரமில்லையா. தெரியலை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்படவில்லை; அதுதான் இன்றைக்கும் தாளவில்லை. படம் எடுப்பது பற்றி எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று நம்பிவிட்டாள். "செரிம்மா, உட்டுது போ," என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் போனதும் மாமா, "நம்ம பொழப்பப் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மாதம் இரண்டு போயிருக்கும். பெரியவர் பழத்தட்டோடு வந்தார், இரண்டாவது மகள் கல்யாணத்துக்குச் சொல்ல.

"உம் படந்தான்மா காரியத்த முடிச்சுது. அதிகாரி கேட்டாரு, குடிசை அன்னிக்கி இல்லைங்கறதுக்கு என்னா ருசுன்னு. கூடத்துல மாட்டியிருந்தத அப்பிடியே கழட்டி எடுத்துனு போய் வெச்சேன். பாருங்க, ஜன்னல்ல என் நெலம், குடிசை எங்க இருக்குதுன்னு கேட்டேன். மனுவத் தள்ளிட்டாரு."

அவருக்கு நான் அழித்தது தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் கூடத்தில் ஒன்றரை வருஷம் மாட்டியிருந்ததில் குடிசை இல்லாததை அவர் கவனித்திருப்பார். எப்படி இல்லாமல் போயிற்று என்று என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் மாமா வெளி ஜோலியாகப் போயிருந்த நேரம், பெட்டியிலிருந்து அந்த வயல் பிலிமை எடுத்தேன். பென்சில் பூச்சு எண்ணெயின் மேல்தான் நிற்கிறது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும். துடைத்தேன். வீடு திரும்பி வந்தது. வாசலில் அவளும் நின்றாள். பெரிதாக ஓர் அச்சுப் போட்டு, பிலிமையும் உறையில் எடுத்துக்கொண்டு, அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு, மனுவை விசாரித்த ஆபீசுக்குப் போனேன். "வேணாம்டி," என்றாள் அக்கா. தடுக்கவில்லை.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு பிலிம், அட்டை, பென்சில், டர்பன்டைன். காகிதக் கட்டுக்குள்ளிருந்து பெரியவரின் படத்தை எடுத்து என் அச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல வீடு இல்லாம பண்ணது நீங்கதானா?"

"ஆமாங்க."

"இல்லாம பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இருக்கிற மாதிரி பண்ணத் தெரியாதாம்மா? நான் எதை நம்பறது?"

பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. மேலும் அது நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் தள்ளி எடுத்ததென்று நானே சொல்லியிருந்தேன். அந்த ஒரு வாரத்தில் குடிசை போட்டிருக்கலாமே என்றார். உத்தரவு ஆகிவிட்டது, வேண்டுமானால் அவர்களையே அப்பீல் செய்யச் சொல்லுங்கள் என்று என் அச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

நேரே பஸ் ஏறி அவளைத் தேடிப் போனேன். கிணற்று மேட்டில் ஒன்றுமில்லை. கூரையைப் பிரித்து, சுவரை இடித்து, ஏர் ஓட்டியிருந்தார்கள். குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் யார் என்று கேட்டாள். ஸ்டுடியோவிலிருந்து வருகிறேன் என்றேன்.

மாமாவுக்கு விஷயம் எட்டியதும் அவர் என்னைத் திட்டவில்லை. பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு ஸ்டுடியோக்காரர் போனார். என்னை அடுத்த தையில் வேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். முதலில் பொய் சொன்னதால்தான் பின்னால் சொன்ன உண்மை எடுபடவில்லை என்றார், ஆறுதலாக. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொய்யும் நான் செய்ததுதான், உண்மையும் நான் கொண்டுபோனதுதான். பொய்யைப் பெரியவர் கொண்டுபோய் வைத்தார். அவரிடம் ஒருவரும் எப்படி எடுத்தது என்று கேட்கவில்லை; என்னிடம்தான் கேட்டார்கள்.