கஞ்சி போட்ட தோரணம்

தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி துணியில் வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டு வந்தபோது, அந்த வண்ணக் குப்பிகளோடு வந்த குறிப்புத்தாளை அவளுக்கு முன்பே நான் படித்து முடித்தேன். தீட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பிறகு துணியின் பின்பக்கம், மேலே ஒரு மெல்லிய துணி விரித்து, தண்ணீர் தெளிக்காமல், நல்ல சூட்டில் இஸ்திரி போட வேண்டும். அதன்பின் மூன்று நாள் சோப்பு படக்கூடாது. தாளில் நான் மனதில் வாங்கியது இவ்வளவுதான். துணியை முதலில் துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற முதல் வரியை நான் ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு தலைமையாசிரியை வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய புதுமனை புகுவிழாவுக்கு வாசலில் கட்ட ஒரு தோரணமும், சாப்பாட்டு மேசை நடுவில் விரிக்க ஒரு நீளத் துணியும் என் மனைவி செய்து தருவதாக ஏற்றிருந்தாள். அவளுடைய முதல் வெளிவேலை. டீச்சர் ஏற்கெனவே எங்கேயோ வாங்கிய மேசைத்துணி முதல் துவைப்பிலேயே சிவப்புச் சாயம் விட்டு, கூடவே நாலு வேட்டிகளையும் கெடுத்த கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னார்:

"நா ஒன் கண்ணு முன்னால சோப்புத் தண்ணில முக்கித்தான் எடுப்பேன். சாயம் விட்டுதுன்னா நீயே கொண்டு போயிரு."

"விடாது டீச்சர். நா சொல்லுதேன்லா," என்றாள் என் மனைவி. அந்தச் சொல்தான் அவளைப் பதினைந்து நாள் தூங்கவிடவில்லை.

வெள்ளைப் பாப்ளின் வாங்கி வந்தோம். அதைத் துவைத்துக் காயப் போட்டால் சாரல் காலத்தில் கொடியிலேயே தொங்கும். அதுமட்டுமல்லாமல், தூரிகை வைத்ததும் வண்ணம் நூல் வழியே ஓடுகிறது என்று அவள் புலம்பினாள். எனக்கு உடனே ஒரு யோசனை. என் அலுவலக வேட்டிகளுக்கு நானே கஞ்சி போடுகிறவன். துணி விறைப்பாக இருந்தால் கோடு கச்சிதமாக நிற்கும் அல்லவா? அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், துவைக்காத அந்தத் துணிக்கு வடித்த கஞ்சியில் ஒரு முக்கு, பிறகு அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தல்.

கோடு உண்மையிலேயே கச்சிதமாக நின்றது. மாவிலை வடிவில் வெட்டிய தொங்கல்களில் பச்சையும் மஞ்சளும், மேசைத்துணியின் இரு முனையிலும் செம்பருத்தி. ஒரு நாள் விட்டு இஸ்திரி போட்டோம். மூன்று நாளும் கழிந்தது. அவள், நல்ல வேளை, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றிலும் ஒரு பூ போட்டு அதையும் கூடவே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதை வாளியில் முக்கிக் கசக்கினாள்.

பூ வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீரில் இதழ் இதழாக மிதந்தது.

நான் கஞ்சி விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் வாளியில் கஞ்சி வாடை அடித்தது.

அவள் ஓர் இதழை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். "துணில ஒட்ட வேண்டிய வண்ணம் ஒங்க கஞ்சில ஒட்டியிருக்கு," என்றாள். "ஆபீஸ்ல பண்ணுத மாதிரி இங்கயும் பண்ணுனா எப்படிங்க?"

"குறிப்புல துவைக்கணும்னு போட்டிருந்துச்சு," என்றேன், நேர்மையாக.

"போட்டிருந்தத படிச்சீங்கள்ல? படிச்சுட்டுத்தான் முக்குனீங்களோ?"

விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. புதிய துணி. வெந்நீரில் சலவை சோடா கலந்து ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, கடையிலிருந்து வரும்போதே துணியில் இருந்த கஞ்சியையும் போகவைத்தோம். வெளியே சாரல் நிற்கிற குறி இல்லை. வெறும் துணிதானே என்று ஈரத்தின் மேலேயே இஸ்திரி போட்டு உலர்த்தினேன். கையில் ஒரு தழும்பு அதற்குச் சாட்சி. அவள் வண்ணத்தைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக எடுத்து, வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி இரண்டே நாளில் முடித்தாள். அந்தக் காற்றில் ஒரு நாள் போதாது என்று ஒன்றரை நாள் காயவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை என்னிடம் தரவில்லை. ஒவ்வொரு மாவிலையாகத் திருப்பிப் போட்டு, பழைய வேட்டித் துண்டை மேலே விரித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கணக்குப் பார்த்தால் மூன்று நாள் விடுவதற்கு வழியில்லை, இரண்டுதான் கிடைத்தது.

விழாவுக்கு முந்தின நாள் டீச்சரின் புது வீட்டில், கொத்தனார் விட்டுப்போன தொட்டியில் சோப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். டீச்சர் தோரணத்தையும் மேசைத்துணியையும் ஒன்றாகவே முக்கினார். முக்கினது மட்டுமல்ல, கசக்கவும் செய்தார். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. செம்பருத்தியில் ஒரு காம்பு மட்டும் இலேசாக வெளிறியிருந்தது. அதை டீச்சரும் பார்த்தார்.

"இது கொஞ்சம் போயிருக்கே."

"இன்னொரு நாள் விட்டிருந்தா அதுவும் போயிருக்காது டீச்சர். ரொம்ப அழுத்திக் கசக்கிட்டீங்க," என்றாள் அவள்.

டீச்சர் துணியை முறுக்காமல் உதறினார். "அடுத்த மாசம் தங்கச்சி வீட்டுக்கு ஒண்ணு வேணும். நல்லா நாள் எடுத்துப் பண்ணு," என்று சொல்லி, தோரணத்தை ஈரத்தோடேயே வாசல் நிலையில் கட்டச் சொன்னார்.

மறுநாள் அந்த வீட்டுக்குள் போன ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சாரல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.