வாளிக்கு ஓர் அடிக்குறிப்பு

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலம் முழுவதும், சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. சாட்சி "அவர் என்னை ஏசினார்" என்றால் ஏசினார்தான். ஏன் ஏசினார், அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய ஏச்சு என்றெல்லாம் நான் வாய் திறந்தால் நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அதனால் ஓய்வு பெற்றபின் ஒரு சிங்கள நாவலைத் தமிழாக்கும் வேலை கைக்கு வந்தபோது, இத்தனை வருடமாக அடக்கி வைத்ததையெல்லாம் அடிக்குறிப்புகளில் அவிழ்த்து விட்டேன்.

நாவல் கொட்டாஞ்சேனையில் நடக்கிறது. எழுதியவரும் அங்கேயேதான் இருக்கிறார். மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த சிங்களப் பெண்மணி, என்னை விட மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை நங்கி என்பார். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

முதல் வாசகர் என் கணவர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில் காலை நீட்டியபடி கைப்பிரதியை வாசிக்கத் தொடங்கியவர், நாலாம் பக்கத்திலேயே நிமிர்ந்தார்.

"இஞ்சை பாரும், நான் கதையை வாசிக்கிறனோ, அகராதியை வாசிக்கிறனோ?"

"ஏன், என்ன விளங்கேல்ல?"

"எல்லாம் விளங்குது. பல்லி சொன்னால் ஆகாது எண்டு எனக்கு ஏன் குறிப்புப் போட்டிருக்கிறீர்? எங்கட வீட்டுப் பல்லி மட்டும் என்ன சொல்லுறது?"

அவர் சொன்னது சரிதான். சிங்களத்தில் வந்தது என்பதற்காகவே நான் அதை அந்நியமாக நினைத்துவிட்டேன். அந்தக் குறிப்பை அன்றே வெட்டினேன். மற்றவற்றில் கை வைக்க மனம் வரவில்லை.

புத்தகத்தைப் போடுகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். அங்கே பிரதியைப் பார்த்தவர் ஓர் இளைஞர். கெட்டிக்காரர், எதையும் கேட்கத் தயங்காதவர். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த மல்லி யாரு? மூணாவது அத்தியாயத்துல பஸ் கண்டக்டரா இருக்கான், அஞ்சாவதுல மீன் விக்கிறான், எட்டாவதுல கல்யாணமாகி போறான். ஒரே ஆளா?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொழும்பில் எந்தத் தமிழருக்கும் மல்லி என்றால் தம்பி. இது குறிப்புக்கு உரிய சொல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பல்லிக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் மல்லியைச் சும்மா விட்டிருக்கிறேன்!

"அப்புறம், எல்லாரும் எதைக் கேட்டாலும் ஓம் ஓம்னு மந்திரம் மாதிரி சொல்றாங்களே?"

"அது 'ஆமா' தம்பி."

"ஓ! அப்ப சரி. அதுக்குக் குறிப்பு வேணாம், ரெண்டு பக்கத்துல பழகிடும். மல்லிக்குத்தான் ஏதாவது பண்ணணும்."

அதற்கும் அடிக்குறிப்புப் போடவில்லை. அந்தச் சொல் முதலில் வருகிற இடத்தில், பஸ்ஸில் ஏறும் கிழவி "மல்லி, கொஞ்சம் இருங்கோ தம்பி" என்று இரண்டு மொழியிலும் கூப்பிடும்படி வைத்தேன். கொட்டாஞ்சேனைக் கிழவிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவிடம் கேட்டபோது தாராளமாகச் செய் என்றார்.

பிறகுதான் அந்த இளைஞர் வாளியைப் பற்றிக் கேட்டார்.

நாவலில், எண்பத்து மூன்று ஜூலை இனக்கலவரத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணைத் தெருவில் சிலர் மறிக்கிறார்கள். ஒருவன் குழாயடியில் இருந்த வாளியைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறான். தெரு மூச்சுவிடாமல் நிற்கிறது. அவள் சொல்கிறாள். அவன் வழிவிடுகிறான். அக்கா எழுதியது அவ்வளவுதான். சிங்களத்தில் வாளியை 'பால்திய' என்பார்கள்; ஆங்கில B போன்ற அதன் முதல் ஒலி தமிழரின் நாக்கில் சறுக்கும். அதை வைத்துத்தான் அன்று ஆட்களைப் பிரித்தார்கள். சிங்கள வாசகருக்கும் எங்களுக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் தமிழ் எழுத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்தே கிடையாது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் சரியாகச் சொன்னவளும் பிழையாகச் சொன்னவளும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

அதனால் அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஒலியியலும் வரலாறும் என் மூச்சும் அதில் இருந்தன.

"குறிப்பு நல்லாருக்கு மேடம். ஆனா கீழ போய் படிச்சிட்டு மேல வந்தா, எனக்கு இருந்த பயம் போயிடுச்சு. குறிப்பை எடுத்தா, வாளிக்கு ஏன் இவ்ளோ பில்டப்னு இருக்கு."

அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். அக்கா தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அந்தக் காட்சியைத் தமிழில் உரக்க வாசித்தேன். "இது என்ன?" என்றவுடன் நிறுத்தி, கீழே இருந்த குறிப்புக்குப் போனேன். பாதியில் கேத்தில் கூவியது. அவர் எழுந்து போய், ஆறுதலாக ஊற்றி, சீனி போட்டு, இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்தார். நான் இன்னும் குறிப்பிலேயே இருந்தேன்.

"நங்கி," என்றார், "அந்த நோனா இன்னும் ரோட்டுலதான் நிக்கிறாங்க. நீங்க இங்க கிளாஸ் எடுக்கிறீங்க."

தேத்தண்ணீர் புரையேறும்வரை சிரித்தேன். சிரித்து முடிந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. அந்தப் பெண்ணை அங்கே நிற்க வைத்துவிட்டு நான் எங்கே போனேன்?

"அப்ப அங்க இல்லாத ஆள் எப்பிடி விளங்கிக்கொள்ளுறது அக்கா?"

அவர் யோசித்தார். பிறகு, அந்தச் சிங்களச் சொல்லைத் தமிழர் போலச் சொல்லிப் பார்த்தார். அதன்பின் சிங்களத்தில் சரியாகச் சொன்னார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்தில் இல்லாதது அங்கே உதட்டில் இருந்தது.

மேசையிலேயே எழுதினேன்: "நாக்குப் பிழைத்தால் அந்த முதல் எழுத்தில்தான் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் உதடுகளைச் சேர்த்தாள். அவன் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்." சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "இது என்ட புத்தகத்துல இல்ல."

"இல்ல. வேண்டாமெண்டா எடுத்துவிடுறன்."

"எடுக்க வேணாம். நான் எழுதியிருக்கணும்." பிறகு கொஞ்சம் பொறாமையோடு, "அடுத்த பதிப்புல சிங்களத்துலயும் போடுறன்" என்றார்.

குறிப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தைச் சென்னைக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே அழைப்பு வந்தது. "மேடம், குறிப்பைப் படிக்காத ஒருத்தர்கிட்ட குடுத்தேன். சொல்ற விதத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறாங்களான்னு கேட்டாங்க," என்று மெல்லச் சொன்னார். "ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு வெட்டுவது எனக்குச் சுலபமாயிற்று. பௌர்ணமிப் போயா நாளில் சாராயக் கடை பூட்டு என்பது போன்ற சில தகவல்களை, இலக்கம் போடாமல், புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கத்துக்குள் அடக்கினேன். வாளியை அங்கேயும் சேர்க்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழும்பினார். குரலில் கோபம் இருந்தது.

"ஏன் பிள்ளை, அந்த வாளிக்கு ஒரு விளக்கம் போடேல்ல? இப்பத்தைப் பிள்ளையளுக்கு அது என்னெண்டு தெரியுமே?"

"தெரியாட்டி வீட்டில கேக்கட்டும் ஐயா," என்றேன்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே யோசித்தார். "கேட்டா நாங்கள் எல்லோ சொல்லவேணும்," என்றார். பிறகு தானே சிரித்துவிட்டு, "சரி, சொல்லத்தானே வேணும்," என்று உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த அக்கா என் கையைக் கிள்ளினார். பின்னால் தேத்தண்ணீர் மேசையில் பெட்டிஸ் தட்டைத் திறந்துவிட்டார்கள். சூடாயிருக்கிறபோதே போவோம் என்று எழும்பிவிட்டோம்.