மாதிரிக்குக் கொடுத்த பில்

தொண்ணூறுகளில், மைசூர் விஜயநகரில், எங்கள் நுகர்வோர் சங்கச் செயலாளரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். புகார் கொடுப்பது எப்படி என்று அவர் எடுத்த வீடியோவுக்கு எரிந்துபோன என் மிக்ஸிதான் உதாரணம். குரலும் என்னுடையது: "முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனு கொடுங்கள். பில்லின் ஜெராக்ஸை இணையுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள்."

குளோசப் எடுக்க என் ஒரிஜினல் பில்லை வாங்கிப் போனார். ஜெராக்ஸ் எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. மனு எழுத உட்கார்ந்தபோது திருப்பிக் கேட்டேன்.

"கடைக்காரர் நமக்கு வேண்டியவரும்மா. கேமராவே அவரோடதுதான். பில்லை அவர்கிட்டயே கொடுத்துட்டேன், விட்டுடும்மா."

அந்தக் கேசட்டைக் கூட்டத்துக்குக் கூட்டம் போட்டுக் காட்டினார்கள். திரையில் என் பில் பெரிதாக வரும். கடைப் பெயரை மறைத்தபடி அண்ணாவின் கட்டைவிரல் இருக்கும். யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.