தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் அக்கா

மாரண்டஹள்ளிக்கு மேற்கே என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான் தொடர்ச்சியாகத் தங்கியது ஐம்பது நாள் இருக்கும். எங்கேயும் ஒரு மாதத்துக்கு மேல் தரிக்காதவனுக்கு அது பெரிய கணக்கு. எட்டாவதோடு பள்ளியை விட்டேன். போர்வெல் வண்டியில் ஆந்திரா வரை போனேன், ஓசூரில் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினேன், பெங்களூரில் ஒரு மலையாளியிடம் சேர்ந்து வீடுகளுக்குக் கேமரா மாட்டினேன். அந்த மலையாளியிடம்தான் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளில் புரோகிராம் ஏற்றக் கற்றுக்கொண்டேன். அவர் கடையை மூடியதும் ஒரு பை நிறையச் சாமானோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எப்போதாவது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சொல்லாமல் வரும். நான் போவதற்கு முந்தைய வருடம் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டாள். மாமா கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. மாமா தோட்டத்துக்குப் போகும் நேரமெல்லாம் அவருடைய தங்கை அடுத்த வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்துகொள்வாள். அக்கா குளிக்கப் போனால் கதவைப் பாதி திறந்துவைத்து, வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். நல்ல மனசுதான். ஆனால் உள்ளே குளிப்பவளோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

வந்த மூன்றாம் நாள் அக்கா என்னிடம் தனியாகக் கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்.

"கதவச் சாத்திக்கிட்டுத் தனியா குளிக்கணும்டா. உன் கேமராவெல்லாம் வேண்டாம். வேற ஏதாச்சும் வழி இருக்குதா?"

இருந்தது. புளூடூத் டேக் என்று ஒன்று, பெரிய சட்டைப் பித்தான் அளவு. உள்ளே காசு போல ஒரு பேட்டரி. விநாடிக்கு ஒரு முறை 'நான் இன்ன டேக்' என்று ரேடியோவில் குரல் கொடுக்கும். அதற்கு அவ்வளவுதான் தெரியும். வீட்டில் அங்கங்கே ரிசீவர் போர்டுகளை வைத்தால், ஒவ்வொன்றும் அந்தக் குரல் தனக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை ஒரு எண்ணாக வைஃபையில் அனுப்பும். ஃபிரிட்ஜ் மேல் வைத்த சின்னக் கம்ப்யூட்டர் எல்லா எண்களையும் ஒப்பிட்டு, எந்த அறையின் ரிசீவருக்குப் பலமாகக் கேட்கிறதோ அந்த அறையில் ஆள் இருக்கிறார் என்று முடிவு செய்யும். குளியலறையில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் மாமாவின் போனில் மணி அடிக்கும். தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான். ஓடி வந்தால் இரண்டு நிமிடம்.

மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அது வலிப்பு வந்ததைச் சொல்லுமா என்று கேட்டார். சொல்லாது, உள்ளே எவ்வளவு நேரமாக இருக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். என் தங்கச்சி உட்கார்ந்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடுமே என்றார். அவர் சொன்னது நியாயம். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த அக்காதான் திரும்பாமலே சொன்னாள்.

"பத்து நிமிசம் தனியா கெடந்தா கெடக்கறேனுங்க. பத்து நிமிசந்தான."

கடைசியில் மாமா, ஒரு மாதம் ஒரு தப்பும் இல்லாமல் ஓடட்டும், அதுவரை தங்கச்சி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

டேக்கைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்வது அக்காவின் யோசனை. கையில் கட்டினால் மாவு பிசையக் கழற்றுவாள், இடுப்பில் செருகினால் விழும். கயிறு கழுத்தை விட்டு இறங்காது. நான் டேக்கைத் தண்ணீர் புகாத ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிக் கொடுத்தேன்.

ஐந்து ரிசீவர்கள். கூடத்தில் ஒன்று, படுக்கும் அறையில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு மேல் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று, சமையலறைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பழைய சோப்பு டப்பாவுக்குள் வைத்து செல்போன் சார்ஜரில் சொருகினேன். கரண்ட் போனால் கண் மூடிக்கொள்ளக் கூடாது என்று எல்லாப் பிளக்குகளையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். சமையலறையில் இருந்த ஒரே பிளக் மிக்ஸிக்குப் போய்விட்டதால், அந்த ரிசீவரை மட்டும் கூடத்துப் பக்கம், சமையலறை வாசலை ஒட்டிய டிவி பிளக்கில் சொருகினேன். வாசலுக்குக் கதவு கிடையாது. நேராகப் பார்வை இருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாள்தான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. அக்கா ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கிழக்கே பார்த்து, மேற்கே பார்த்து, நான்கு பக்கமும். உடம்பே குரலை மறைக்கும் என்பதால் அப்படி. அவள் முதுகைக் காட்டினால் எண் பத்து இறங்கிவிடும். நான் போனைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். மைனஸ் ஐம்பத்தெட்டு, மைனஸ் எழுபது. சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம், தள்ளிப் போகப் போக மங்கல். அக்கா ஆறாவதோடு நிறுத்தப்பட்டவள். வகுப்பில் விழுந்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுபதை விட ஐம்பத்தெட்டு எப்படிப் பெரிசு என்று கேட்டாள். கடன் மாதிரி, குறைவாக இருந்தால் நல்லது என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றாள். அந்த இரண்டு நாளும் நாங்கள் பேசியது எதையும் என்னால் முழுசாகச் சொல்ல முடியாது. அப்பா அடித்தது, ஓடையில் நண்டு பிடித்தது, அவளுக்கு வலிப்பு வந்தால் கையில் வைக்கச் சொல்லி என் அரைஞாணில் அம்மா ஒரு இரும்புச் சாவியைக் கட்டிவிட்டிருந்தது. சாவியால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் பின்னால் சொன்னார். எனக்கென்னவோ அந்தக் காலத்தில் அது ஒரு உத்தியோகம் மாதிரி இருந்தது.

எண்கள் ஒரே இடத்தில் நிற்காது, குதிக்கும். அதனால் சராசரி எடுத்து, இன்னொரு அறை பத்து விநாடி தொடர்ந்து பலமாக இருந்தால்தான் இடம் மாறியதாகக் கொள்ளும்படி எழுதினேன். பன்னிரண்டு நாள் ஒரு பிசகும் இல்லை. மாமா தோட்டத்தில் நின்றபடி போனைப் பார்த்து, "இப்ப கொட்டாயில இருக்கறா" என்று தன் தங்கையிடம் பெருமையடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

பிறகு தக்காளி அறுப்பு தொடங்கியது. முதல் அறுப்பு அன்று சாயங்காலம் மாமாவின் போன் அடித்தது. கையெல்லாம் தக்காளிப் பச்சைக் கறையோடு வரப்பில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். அக்கா சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். குளியலறைப் பக்கமே போகவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. மூன்றாம் முறை அவர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமாவின் தங்கை முக்காலியில் உட்கார்ந்தபடி, "மிசினு எங்க அண்ணன ஓட்டப் பந்தயத்துக்குப் பழக்குது தம்பி" என்றாள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

பேட்டரியை மாற்றினேன். பத்து விநாடியை இருபது ஆக்கினேன். குளியலறை ரிசீவரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். சாயங்காலம் கெட்டுப்போகும், மறுநாள் காலையில் தானாகச் சரியாகிவிடும். மாமா என்னைத் திட்டவில்லை. களத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்.

"உம்மேல குத்தமில்ல மாப்ள. ஆனா நெஜமா அடிக்கறப்ப நான் நடந்து வந்தன்னா என்ன பண்றது? ஆளே உட்காந்துக்கட்டும், வுடு."

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். மறுநாள் காலையில் டீ கொடுக்கும்போது, அறுப்பு அன்றைக்கு மட்டும்தானே இப்படி ஆகிறது என்றாள். எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. நான் கிழமையை, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறுப்பு நாளில் அவளைச் சமையலறையில் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, கூடத்தில் போனோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் அறுத்த பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கி வைப்பார்கள். வெளியே வைத்தால் மாடு வாய் வைக்கும். விடிவதற்குள் வண்டி வந்து பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிப் போகும். மாமா முதல் பெட்டியை டிவி பக்கத்தில் வைத்தார். எண் மைனஸ் அறுபத்தொன்று. இரண்டாவது அதன் மேல். மூன்றாவது அதன் மேல். நான்காவது பெட்டி ரிசீவரை மறைத்தபோது எழுபத்து நான்கு. பின்னால் இன்னொரு அடுக்கு வந்ததும் எண்பத்திரண்டு. சமையலறையும் குளியலறையும் ஒற்றைக் கல் சுவரைப் பங்கு போட்டுக்கொள்பவை. குளியலறை ரிசீவருக்கு அக்கா எழுபத்தைந்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். சாதாரண நாளில் அது தோற்கும். இப்போது ஜெயித்தது. போனில் 'குளியலறை' என்று வந்தது.

நான் மாமாவிடம் பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். எண் ஏறியது. காலிப் பெட்டிகளை அதே உயரத்துக்கு அடுக்கச் சொன்னேன். எண் அசையவில்லை. நிறைந்த பெட்டிகளை வைத்ததும் விழுந்தது. மாமா ஒரு தக்காளியை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"அட, இது வெறுந் தண்ணிதான மாப்ள."

தண்ணீர்தான். இந்த ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். உடம்பு மறைக்கும் என்று நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அளந்தவன், வீட்டுக்குள் தண்ணீராலேயே ஒரு சுவர் எழும்பும் என்று யோசிக்கவில்லை. நான் அளந்தபோது கூடம் காலியாக இருந்தது. தக்காளிக்காரர் வீட்டில் கூடம் காலியாக இருப்பது வருடத்தில் கொஞ்ச நாள்தான். முக்காலியில் இருந்த மாமாவின் தங்கை, அப்படியானால் நான் உட்கார்ந்தாலும் மறைக்குமா என்று கேட்டாள். மறைக்கும் என்றேன். "பாத்தியா, நானுந் தக்காளிதான்" என்று தன் அண்ணனிடம் சொன்னாள். இந்த முறை அக்காவும் சிரித்தாள்.

சமையலறைச் சுவரில் புதுசாக ஒரு பிளக் இழுத்து, பரண் ஓரத்தில் தலைக்கு மேலே ரிசீவரை வைத்தேன். கூடம் நிறையப் பெட்டி இருக்கும்போது ஒரு முறை, காலியாக இருக்கும்போது ஒரு முறை, அக்காவை மறுபடி எல்லா அறையிலும் நிறுத்தி அளந்தேன். மாமா தன் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார், இந்த முறை மாதத்தை விட்டு அறுப்பை எண்ணினார். ஆறு அறுப்பு போயிற்று. தப்பாக ஒரு மணியும் அடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் தங்கை வரவில்லை. அக்கா துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நானும் மாமாவும் களத்தில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தோம். பத்தாவது நிமிடம் அவர் போன் அடித்தது. ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கதவருகே நின்று கூப்பிட்டார்.

"இன்னும் தலைக்கே ஊத்தலீங்க" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "போங்க, வர்றேன்."

மாமா போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நிதானமாக, விட்டு விட்டுக் கேட்டது. அரை மணி நேரம் குளித்தாள். இடையில் இரண்டு முறை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு முறையும் அவள் பதில் சொன்னாள்.

அந்த வாரமே நான் கிளம்பிவிட்டேன். கடத்தூரில் ஒருவர் கோழிப் பண்ணைக்குக் கேமரா மாட்டக் கூப்பிட்டார், அங்கிருந்து திருப்பூர், பிறகு கேரளா. இப்போதும் புது வீட்டில் ஒயர் இழுக்கும்போது, ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று 'திரும்பட்டுமா' என்று கேட்பது மாதிரி இருக்கும். அந்த வீட்டில் இன்னும் பத்து நாள் இருந்திருக்கலாம்.

மறு வருடம் எர்ணாகுளத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். குளியலறையில் விழுந்துவிட்டாளாம். போன் அடித்து மாமா ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். புருவத்துக்கு மேல் நாலு தையல், ஆஸ்பத்திரியில் ஒரு நாள். கதவைக் கழற்றிவிட்டாரா, தங்கை திரும்ப வருகிறாளா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லடா" என்றாள். "தர்மபுரி போயி ரப்பர் பாய் ஒண்ணு வாங்கியாந்து தரையில போட்டாரு. சாந்தெடுத்து, நான் மோதிக்கிட்ட அந்தப் படி முனைய மழுக்கி வுட்டாரு. கதவு அப்படியேதான் இருக்குது. இரு, குளிச்சிட்டு வந்து பேசறேன்."