ஆட்டுப்பை மூன்று, மாட்டுப்பை இரண்டு

ஆசிட் யார்டில் நாலு வருஷம் நின்றவனை அவன் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். முன்பல் நுனி தேய்ந்து, அரம் போட்டு ராவினது மாதிரி ஆகியிருக்கும். கந்தக ஆவி மெள்ள மெள்ளத் தின்கிற வேலை அது. திருவொற்றியூரில் எங்கள் கம்பெனி யார்டில் இதற்கென்றே ஒரு பேச்சு உண்டு: "ஆசிட்டு சோறும் போடும், அந்தச் சோத்தைத் துன்ற பல்லையும் துன்னும்." சொல்லிவிட்டு அவர்களே சிரிப்பார்கள். சிரிக்கும்போதுதான் தெரியும், சொன்னது எவ்வளவு நிஜமென்று.

நானும் அங்கே ஜாடி தூக்கினவன்தான். இங்கிலீஷ் லேபிளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்பதற்காக ஒரு நாள் லேபுக்குள் கூப்பிட்டார்கள். கண்ணாடி கழுவினேன், பிறகு சொட்டுச் சொட்டாய் அளக்கிற பியூரெட் பிடித்தேன், பிறகு தராசில் உட்கார்ந்தேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படித்தேன். இருமல் நின்றது. ராத்திரி தூக்கம் வந்தது. அப்படி நிம்மதியாய் இருந்தவன் தலையில்தான் ஐம்பதுகளின் கடைசியில் புது மேனேஜர் வந்து கல்லைப் போட்டார். இனிமேல் லேபில் இருக்கிறவன் பரீட்சை எழுதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இல்லாதவன் யார்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றார். எழுத்துப் பரீட்சையை எப்படியோ தாண்டிவிட்டேன். பாக்கி இருந்தது வாய்மொழிப் பரீட்சை. ஒரு கல்லூரியில், மூன்று பேராசிரியர்களுக்கு எதிரே ஒற்றை நாற்காலி.

ராயபுரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு நடந்தது. நடத்தினவர் என்னைவிட வயதில் சின்னவர். அந்த வருஷம் அவர் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். நடு அணுவைச் சுற்றி எத்தனை எலெக்ட்ரான் ஜோடி இருக்கிறதென்று பார், அந்த ஜோடிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு முடிந்த மட்டும் விலகி நிற்கும், அதிலிருந்தே மூலக்கூறின் வடிவம் வந்துவிடும் என்பார். அணைத்துக்கொள்ள இன்னொரு அணு இல்லாமல் சும்மா நிற்கிற ஜோடிக்குத் தனி ஜோடி என்று பேர். அது பிணைப்பில் இருக்கிற ஜோடியைவிட அகலமாக உட்கார்ந்து, அதிகமாகத் தள்ளும். இந்தக் கேள்வி இந்த வருஷம் நிச்சயம் வருமென்றும் சொன்னார்.

வார்த்தை புரிந்தது. வடிவம்தான் புரியவில்லை. அவர் எழுதுகிற பலகை தட்டை. என் நோட்டும் தட்டை. சமாசாரமோ நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே கவளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். தனியாய்க் கீறவனுக்கு எதுக்குய்யா அம்மாம் எடம் என்று ஒரு கேள்வி கேட்டாள். நான் சொன்னேன், கல்யாணமானவனை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள், அதனால் ஒடுங்கிப் போகிறான்; தனிக்கட்டை பாயில் காலை அகட்டிப் படுக்கிறான். அவள் கத்தியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ இப்ப மட்டும் ஒடுங்கியா படுக்கிறே?" என்றாள்.

மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், புளியந்தோப்பில் ஆடு மாடு அறுக்கிற இடத்தில் வேலை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மூத்திரப்பையைக் கழுவி ஊதிக் கட்டிப் பந்தாக உதைத்து ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டுப்பை சின்னது, மாட்டுப்பை பெரியது. பிணைப்பு ஜோடிக்கு ஆட்டுப்பை, தனி ஜோடிக்கு மாட்டுப்பை என்று எனக்குத் தோன்றின மாத்திரத்தில் மச்சானிடம் ஓடினேன். மாப்ளே பரீட்சைக்குப் படிக்கிறாரா, படையல் போடறாரா என்று அங்கே எல்லாரும் கேட்டுச் சிரித்தார்களாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி நிறைய அலசிக் கொண்டுவந்துவிட்டார்.

பப்பாளித் தண்டை வைத்து ஊதி, ஈரம் காயுமுன் வாயோடு வாய் சேர்த்துக் கட்டினோம். நாலு ஆட்டுப்பையை ஒன்றாகக் கட்டிக் கையை எடுத்ததும் அவையே உருண்டு, முறுக்கி, நாலு திசைக்கு நின்றுகொண்டன. எப்படித் திருப்பி வைத்தாலும் மூன்று கால், ஒரு தலை. மீத்தேன். நூற்றொன்பதரை பாகை. பலகையில் மாதக்கணக்காய்ப் பார்த்து ஏறாதது ஒரு நொடியில் ஏறியது. ஒன்றை அவிழ்த்து மாட்டுப்பை வைத்தோம். மற்ற மூன்றும் கொஞ்சம் கிட்டே வந்தன. அம்மோனியா, நூற்றேழு. இரண்டு மாட்டுப்பை வைத்தபோது மீதி இரண்டு ஆட்டுப்பையும் இன்னும் நெருங்கின. தண்ணீர், நூற்று நாலரை. பாகையெல்லாம் புத்தகம் சொன்னது. நெருங்கினதை நான் கண்ணால் பார்த்தேன். வீடு முழுக்க நாற்றம். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

கடைசியாக ஐந்து. குளோரின் டிரைஃப்ளூரைடு என்று ஒன்று. நடுவில் குளோரின், மூன்று ஃப்ளூரின், இரண்டு தனி ஜோடி. ஐந்து ஜோடி என்றால் இடுப்பைச் சுற்றி மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐந்து பையையும் சேர்த்துப் பிடிக்கக் கை போதவில்லை. அதனால் பெரிய மாட்டுப்பை இரண்டையும் முதலில் எதிரெதிராக இறுக்கிக் கட்டிவிட்டு, அந்த இடுப்பில் மூன்று ஆட்டுப்பையைச் செருகினோம். மேலும் கீழும் பெரிசு, நடுவில் மூன்று சிறிசு. தட்டையான முக்கோணம், நூற்றிருபது பாகை. பெரிய தடியன்கள் இருவரும் ஆளுக்கொரு கோடியில் நிற்கிறார்கள், இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும் என்று எனக்குப் பட்டது. நிழலில் தொங்கவிட்டோம், அப்படியே விறைத்துக் காய்ந்துவிட்டது. அந்த உருவம் என் மனசிலும் அப்படியே காய்ந்துவிட்டது.

பரீட்சைக்குக் கிளம்பும்போது அவள் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னாள்: "பெரிய மனுசங்க இருக்கற எடம். ஆட்டுது மாட்டுதுன்னு அங்க வாயத் தொறக்காதே. தொறந்தே, உன்னிய வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க." சொல்லாமலே எனக்கும் அந்தப் பயம் இருந்தது. புளியந்தோப்பு என்ற பேர் கேட்டாலே தம்ளரைத் தள்ளி வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் உட்கார்ந்தவர் நெற்றியில் சந்தனக்கீற்று, வெள்ளைக் கோட்டு. இரண்டு பக்கமும் இருவர். என் இங்கிலீஷ் முதல் கேள்வியிலேயே நொண்டியதால் நடுவிலிருந்தவர் தமிழுக்கு இறங்கிவந்தார். அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. தண்ணீர் ஏன் நேர்க்கோடாக இல்லை என்றார், சொன்னேன். கோணம் ஏன் மீத்தேனைவிடக் குறைந்தது என்றார். தனி ஜோடி இரண்டு என்றேன். அம்மோனியாவுக்கும் சொன்னேன். கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்து குளோரின் டிரைஃப்ளூரைடு என்றார்.

முக்கோணம், தட்டை, நூற்றிருபது என்று தயங்காமல் சொன்னேன்.

இடது பக்கத்தவர் பேனாவை மூடினார். அந்தச் சத்தத்தில் எனக்கு யார்டின் இரும்பு கேட் திறக்கிற மாதிரி இருந்தது. நாக்கு போய்த் தானாக முன்பல்லைத் தடவியது.

நடுவிலிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். மேல் கோடியில் உட்கார்ந்திருக்கிற தனி ஜோடிக்குச் செங்கோணத்தில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள்?

மனசுக்குள் அந்த விறைத்த உருவத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் இருக்கிற மூவரும் அதற்குச் செங்கோணம். மூன்று என்றேன். சொல்லும்போதே தப்பு தெரிந்தது. இடுப்பிலேயே உட்கார்ந்தால்? மேலே ஒருவன், கீழே ஒருவன், அவ்வளவுதான் செங்கோணத்தில். மற்ற இரண்டு பேரும் நூற்றிருபது தள்ளி. தொண்ணூறில்தான் இடி பலம், நூற்றிருபதில் உரசல்தான். தடியனுக்கு அகலமான இடம் இடுப்பில் இருக்கிறது. இரண்டு தனி ஜோடியும் இடுப்புக்குப் போனால் மூன்று ஃப்ளூரினும் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பக்கவாட்டில் ஒன்று.

"முக்கோணம் இல்லீங்க. இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி. மேல் கீழ் ரெண்டையும் தனி ஜோடிங்க தள்றதால அதுங்க நடுவுல இருக்கறதுகிட்ட சாஞ்சிருக்கும், தொண்ணூறுக்குக் கொஞ்சம் குறைச்சல்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் இருக்கிறவன் வாய்க்கு ஏது பூட்டு? "நாங்க கட்டினதுலதாங்க தப்பு. பெருசு ரெண்டையும் முன்னாடியே எதிரெதிரா முடிச்சுப் போட்டுட்டோம். கயிறு நிறுத்தின எடத்துல அதுங்க நின்னுடுச்சு," என்றும் சொல்லிவிட்டேன்.

எதைக் கட்டினீர்கள் என்று கேட்டார்.

பலூன் என்று சொல்ல உதடு குவிந்தது. ஆனால் என்ன பலூன், எங்கே வாங்கியது, ஏன் இரண்டு அளவு என்று அடுத்த கேள்வி வந்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அதற்கும் பயமாக இருந்தது. ஒரு பயத்துக்கும் இன்னொரு பயத்துக்கும் நடுவில் நின்று நிஜத்தைச் சொன்னேன். மூத்திரப்பைங்க. சின்னது ஆட்டுது, பெரிசு மாட்டுது. புளியந்தோப்புல மச்சான் வேலை பார்க்கிறார்.

வலது பக்கத்தவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது, தரையில் கிறீச்சென்று. நடுவிலிருந்தவர் என் கையைப் பார்த்தார். நான் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. சரி, போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் கலக்கமாக இருந்தது. மச்சான் மட்டும், நான் சொன்ன டி எழுத்து சரிதானா என்று பார்த்துவிடலாம் என்று மறுபடி ஐந்து பை கொண்டுவந்தார். இந்த முறை அவர் இரண்டு கை, அவள் இரண்டு கை, என் கை என எல்லாம் சேர்ந்து ஐந்தையும் ஒரே முடிச்சில் தளர்வாகக் கட்டினோம். அவர் கயிற்றைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினார். பைகள் ஒன்றையொன்று இடித்துப் புரண்டன. பெரிசு இரண்டும் இடுப்புக்கு வந்துவிட்டன. சிறிசு மூன்றும் டி போட்டு நின்றன. பார்த்தியா மாப்ளே, இடிச்சுப் புடிச்சாத்தான் எடம் என்றார் மச்சான். பதில் சரியென்பது தெரிந்தது. அது போதாது என்பதும் தெரிந்தது. முடிவு இன்னும் வரவில்லை; சரியாய்ச் சொன்னவனைத் தள்ளிவிட்டால், ஏனென்று யார் போய்க் கேட்பது? காற்று யார்டு பக்கமிருந்து அடித்த நாட்களில் அந்தக் காட்டம் மூக்கில் ஏறும். அப்போதெல்லாம் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காலையில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். யார்டு மேஸ்திரியும் உள்ளே நின்றிருந்தார். என்னைத் திரும்ப யார்டுக்கு அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நான் தேறிவிட்டதாகவும் வாய்மொழியில் தேறும் வரம்பை ஒட்டித்தான் வந்திருப்பதாகவும் சொன்னார். மூவரில் யார் எனக்கு மார்க் போட்டார், யார் குறைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மேஸ்திரி வேறு எதற்கோ வந்தவர். போகும்போது என் தோளைத் தட்டி, "பல்லு பொழச்சுதுடா" என்றார், தேய்ந்த பல் தெரிய.

லேபுக்குப் போய்த் தராசின் முன் உட்கார்ந்தேன். அன்றைய மாதிரியை நிறுக்க வேண்டும். இடுக்கியில் எடைக்கல் நிற்கவில்லை. தராசுக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து, அவை அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.