திசைவேகம் தராத கேள்வி

டிப்ளமோ முடித்தும் எனக்கு ஒரு அரியர் பாக்கி இருந்தது, இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ். ஒரகடத்தில் நான் டிரெய்னியாக இருந்த கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இந்தத் தடவை பாஸ் செய்தால் பெர்மனன்ட், இல்லையென்றால் வெளியே.

ஷிஃப்ட் முடிந்து வந்து என் பழைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத்தான் படித்தேன். எனக்குப் புரிகிற புத்தகம் அது ஒன்றுதான். உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம். திருப்புத்திறன் என்றால் விசை பெருக்கல் தொலைவு. இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பெயர் இருக்கும். "பிராக்கெட்ல இருக்கறது பரீட்சைக்கு வராது, வுட்டுடுங்க" என்று பள்ளியில் வாத்தியார் சொல்லியிருந்தார். விட்டுவிட்டோம்.

தேர்வில் பெரிய கேள்வி ஒன்று, ஒரு புள்ளியைப் பொறுத்து விசையின் மொமென்ட் காணச் சொன்னது. மொமென்டம்தான் உந்தம் என்று கல்லூரியில் காதில் விழுந்திருந்தது. இது அதன் சுருக்கம் என்று நினைத்தேன். ஆனால் தாளில் விசையும் தொலைவும் இருந்தன, திசைவேகத்தைக் காணோம். எழுந்து ஹால் சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"சார், இந்தக் கணக்குல வெலாசிட்டி குடுக்கல."

"பேப்பர்ல இன்னா கீதோ அதான்பா. நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. அட்டெண்ட் பண்ணு."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கேள்வியே தப்பு! தப்பான கேள்வியைத் தொட்டிருந்தாலே முழு மார்க் தருவார்கள் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்புகிற கூட்டம் நாங்கள். கேள்வி எண்ணைப் போட்டு, 'திசைவேகம் தரப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வல்லம் வடகாலில் என்னோடு அறையில் தங்கியிருந்தவன் இங்கிலீஷ் மீடியம். அன்று மாலை கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தான்.

"ஃபோர்ஸ் இன்டு டிஸ்டன்ஸ் மச்சி. ரெண்டும் குட்த்துக்கிறானே. வெலாசிட்டி இன்னாத்துக்கு?"

"டேய், அது திருப்புத்திறன்டா!"

"அப்டின்னா இன்னா?"

அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அந்த வார்த்தை தெரியாமலே அவன் முதல் தடவையிலேயே பாஸ். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

ரிசல்ட் வந்தது. பாஸாக அந்த ஒரு கேள்வி அளவுக்குத்தான் மார்க் குறைந்திருந்தது. கம்பெனியில் கணக்கை முடித்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"புரியலன்னா எழுந்து கேக்க வேண்டியதுதானே தம்பி?"

"கேட்டேன் சார்" என்றேன்.

இப்போது அதே கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் போகிறேன், அதே லைன்தான். நாள் முழுக்க நீளமான ஸ்பானரால் போல்ட் முடுக்குகிற வேலை. விசை பெருக்கல் தொலைவு.