ரத்துப் பக்கத்தை எழுதியவர்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் ‘பொத்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தைக்கத் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சட்டையில் பொத்தான் போனால் நான்தான் ஊசியைத் தேட வேண்டும். கைபேசிச் செயலிகளில் நாம் தொடுகிற பொத்தான்கள் மேல் இரண்டு மூன்று சொற்கள் இருக்குமே, அவற்றை எழுதுவதுதான் அவருக்கு வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டேன். மனிதர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பேசத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிற செயலி அவர்களுடையது. மாதச் சந்தா. என் நாத்தனார் மகளும் மூன்று வயது தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் அண்ணனுக்குப் போன் போட்டு அழுவாள். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இவ பேசாமலே போயிட்டா நான் என்னண்ணா பண்ணுவேன்?”

“பேசுவா. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்” என்றார் இவர். எத்தனை பதமாகச் சொன்னார் தெரியுமா? என் புருஷனைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவர் சொல்லித்தான் அவள் சந்தாவும் கட்டினாள். அண்ணனுக்கு அங்கே ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு பெட்டியில் கேக் கொண்டுவந்தார். அவர் எழுதிய பக்கம் ஜெயித்துவிட்டதாம். ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுதி, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டுவார்கள். சந்தாவை நிறுத்த வந்தவர்களில் எதைப் பார்த்துவிட்டு அதிகம் பேர் திரும்பிப் போகிறார்களோ, அதற்குத்தான் வெற்றி. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேக் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பிறகு குழந்தை பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்றால், நிறுத்தவே இல்லை. மின்விசிறியோடு பேசுவாள், செருப்போடு சண்டை போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தபோது, என் புடவையில் இருக்கும் பூவுக்கு ஏன் வாசனை இல்லை என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். நாத்தனார் தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினாள்.

“அண்ணா, இதை நிறுத்தணும். மாசாமாசம் பணம் போயிட்டே இருக்கு. எங்க இருக்குன்னு தேடி, உதவிக்குள்ள போய், அதுக்குள்ள எதுக்குள்ளயோ போய்க் கண்டுபிடிச்சுட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் போறேன். அங்க கை வர மாட்டேங்குது.”

நான் வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில், ‘உங்கள் குழந்தை பேசாமலே போய்விட்டால்?’ கீழே பச்சை நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு பொத்தான்: ‘தொடர்ந்து முயல்கிறேன்.’ அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற சாம்பல் எழுத்தில், ‘வேண்டாம், என் குழந்தை பேசாவிட்டாலும் பரவாயில்லை.’

சத்தமாகத்தான் படித்தேன். படித்து முடிக்கும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

“அவதான் வாய் ஓயாம பேசுறாளே, அப்புறம் என்ன?” என்றேன்.

“தெரியும் அண்ணி. ஆனா பரவாயில்லைன்னு என் கையாலயே அமுக்கிட்டு, நாளைக்கு ஏதாவது ஆயிட்டா? எவனோ என் மனசுக்குள்ள பூந்து பார்த்து எழுதியிருக்கான். அவனெல்லாம் நல்லா இருப்பானா?”

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “குடு, நான் அமுக்குறேன்” என்று கையை நீட்டினார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “நீ அமுக்கினாலும் அவ என் பொண்ணுதானே?”

பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அது அவ போன்ல அழுதுகிட்டே சொன்னது” என்றேன்.

“அதான் ஜெயிச்சுது” என்றார். சொன்ன மாத்திரத்தில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காதுமடல் சிவந்திருந்தது. அவரை மட்டும் சொல்லி என்ன, அந்த கேக்கை நானும்தானே தின்றேன். அதை நினைத்தால் எனக்கும் கூசியது.

மறுநாளே புதிதாக எழுத உட்கார்ந்தார். சமையலறையில் நின்று எனக்குப் படித்துக் காட்டுவார். முதல் முயற்சியில், ‘நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம்’ என்று ஆரம்பித்திருந்தார்.

“உங்க வருத்தம் அவளுக்கு எதுக்கு? எடுங்க அதை.”

எடுத்தார். அடுத்ததில், ‘நிறுத்தும் முன் ஒருமுறை யோசியுங்கள்’ என்று இருந்தது. யோசிக்காமலா அவள் அத்தனை தூரம் தேடி வந்தாள் என்று கேட்டேன். அதையும் அழித்தார். பழக்கதோஷம், கை அதுவாகவே வளைந்து வளைந்து எழுதியது. அவருக்கே அது தெரிந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். ‘சந்தாவை நிறுத்தினால், இனிப் பணம் எடுக்கப்படாது. ஏற்கெனவே கட்டிய மாதம் முடியும்வரை பயிற்சிகள் திறந்திருக்கும். குழந்தையின் குரல் பதிவுகளை இங்கே இறக்கிக்கொள்ளலாம்.’ கீழே ஒரே அளவில், ஒரே அளவு எடுப்பாகத் தெரிகிற இரண்டு பொத்தான்கள்: ‘சந்தாவை நிறுத்து’, ‘சந்தாவைத் தொடர்.’ நிறுத்திய உடனே உறுதிசெய்து ஒரு மின்னஞ்சல் போகும். ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பதில் சொல்லாமலும் போகலாம். இந்தப் பக்கத்துக்கு வரும் வழியையும் உதவிக்குள்ளிருந்து எடுத்து, ‘என் கணக்கு’ என்ற இடத்தில் முதலிலேயே வைக்கச் சொன்னார்.

மேலாளர் குதித்தாராம். “நீயே கதவைத் திறந்துவிட்டு வழியனுப்புறியா பொத்தான்? நிறுத்துறவங்க கூடிடுவாங்களே!”

“கூடும் சார்” என்றிருக்கிறார் இவர். பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிற பெண்தான் கைகொடுத்திருக்கிறாள். தனக்கு வருகிற அழைப்புகளில் பாதி ‘எப்படி நிறுத்துவது’ என்பதுதான் என்றும், நிறுத்தத் தெரியாதவர்கள் வங்கியில் போய்ப் புகார் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாளாம். கடைசியில் பழையபடி பாதிப் பேருக்குக் காட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். இந்தத் தடவை, நிறுத்தியவர்களை மட்டும் எண்ணாமல் அழைப்புகளையும் வங்கிப் புகார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். நிறுத்தியவர்கள் கூடத்தான் செய்தார்கள். ஆனால் அழைப்பும் புகாரும் நன்றாகக் குறைந்தன. நிறுத்திப் போனவர்களில் சிலர் இரண்டாவது குழந்தைக்கென்று திரும்பியும் வந்தார்கள். புதிய பக்கத்தையே எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். மேலாளர் உர்ரென்றுதான் கையெழுத்துப் போட்டாராம். கேக் எல்லாம் கிடையாது.

புதிய பக்கம் எல்லோருக்கும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் கைபேசியை எடுத்தாள், படித்தாள், அமுக்கினாள். மகள் சொன்ன முதல் சொற்களின் பதிவை இறக்கிக்கொண்டாள். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“பழைய ஆளைத் துரத்திட்டாங்க போல” என்று சிரித்தாள். “இது யாரோ மனுசன் எழுதினது.”

நான் இவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நல்லவர் என்ற பேரோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

“ரெண்டும் நான்தான்” என்றார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “அந்த வரி... நான் உன்கிட்ட போன்ல...”

“ஆமா. அதைத்தான் எடுத்தேன்.”

அவள் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு அவற்றைப் பிரித்து மறுபடி அடுக்கினாள். இவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் சொற்கள் எழுதித் தருகிறவருக்கு ஒரு சொல் வரவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வெட்கத்தில் என் முகமும் எரிந்தது.

குழந்தை அவர் முழங்காலில் ஏறி நின்று வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, மாமா ஏன் பேச மாட்டேங்கிறாரு?”

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள்.

“பேசுவாரு” என்றாள். “கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.”